தொடாமல் விட்ட பந்தயக் கணக்கில் பணம் ஏன் குறைகிறது? பிரிட்டன் தளங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரெண்டு வருஷத்துக்கு மேல அந்தப் பக்கமே போகல. 86 பவுண்டு 40 பென்ஸ் வச்சிருந்தேன், இப்போ 16 பவுண்டு 40 பென்ஸ்தான் இருக்கு. யாராவது ஹேக் பண்ணிட்டாங்களா?

பெரும்பாலும் இல்லை. குறைந்த தொகை சரியாக 70 பவுண்டு, அதாவது 14 ஐந்து பவுண்டுகள். திருடன் புகுந்திருந்தால் இப்படி ஒழுங்காக, மீதி பென்ஸைத் தொடாமல் எடுத்திருக்க மாட்டான். இது கணக்கைப் பயன்படுத்தாமல் விட்டதற்காக நிறுவனமே எடுத்துக்கொள்ளும் மாதக் கட்டணம்.

உறுதி செய்ய, கணக்குக்குள் பணப் பரிவர்த்தனைப் பட்டியலைத் திறந்து பாருங்கள். மாதா மாதம் ஒரே தேதியில் ஒரே தொகை கழிந்திருக்கும். பக்கத்தில் ஏதோ ஒரு பெயர் இருக்கும்: நிர்வாகக் கட்டணம், செயலற்ற கணக்குக் கட்டணம், சில இடங்களில் வெறுமனே 'சரிக்கட்டல்'. ஹேக் ஆகியிருந்தால் அங்கே நீங்கள் கட்டாத பந்தயங்களோ, உங்களுக்குத் தெரியாத கார்டுக்குப் போன பணமோ தெரியும். அப்படி எதுவும் இல்லையென்றால் பணம் எங்கேயும் வெளியே போகவில்லை. நிறுவனத்தின் கைக்குப் போயிருக்கிறது.

இந்தப் பக்கத்தில் பிரிட்டனின் சூதாட்ட ஆணையத்திடம் உரிமம் பெற்ற இணையப் பந்தய, கேசினோ தளங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். எனக்கே இது நடந்தது. ஒரு தளத்தில் 31 பவுண்டை மறந்துபோய், திரும்பிப் பார்க்கும்போது ஒன்றுமில்லாமல் நின்றேன். அதற்கப்புறம்தான் விதிமுறைகளை வரிவரியாகப் படிக்கக் கற்றுக்கொண்டேன்.

இப்படி எடுக்கிறதுக்குச் சட்டம் இடம் கொடுக்குதா?

பிரிட்டனில் இந்தக் கட்டணத்தை ஒரேயடியாகத் தடை செய்யும் சட்டம் இல்லை. அதனால் 'கட்டணம் எடுத்துவிட்டார்கள்' என்பது மட்டுமே குற்றமாகிவிடாது. ஆனால் எடுத்ததெல்லாம் நியாயம் என்றும் ஆகிவிடாது.

2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் இங்கே முழுதாகப் பொருந்தும். நிறுவனம் எழுதி வைத்த விதி, நல்லெண்ணத்துக்கு மாறாக, இரு தரப்புக்கும் இடையிலான சமநிலையை நுகர்வோருக்குப் பெரிதும் பாதகமாகச் சாய்த்தால், அது நுகர்வோரைக் கட்டுப்படுத்தாது. விலையைப் பற்றிய விதிகளை நீதிமன்றம் நியாயம் பார்க்காமல் விட்டுவிடும் என்று ஒரு விலக்கு உண்டு. அந்த விலக்கு கிடைக்க, விதி தெளிவாக இருந்தால் மட்டும் போதாது, கண்ணில் படும்படியும் இருக்க வேண்டும். நாற்பது பக்க விதிமுறையில் இருபதாவது பத்தியில் ஒளிந்திருக்கும் மாதக் கட்டணம் அப்படிக் கண்ணில் படுகிறதா என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

சூதாட்ட ஆணையத்தின் உரிம நிபந்தனைகளும் இதையே சொல்கின்றன. விதிமுறைகள் நியாயமாகவும் வெளிப்படையாகவும் இருக்க வேண்டும். முக்கியமான மாற்றம் எதுவானாலும், அது நடைமுறைக்கு வரும் முன்பே வாடிக்கையாளருக்குச் சொல்லியாக வேண்டும். இந்த இரண்டாவது வாக்கியத்தை நினைவில் வையுங்கள். கீழே அதற்குத் திரும்பி வருவேன்.

விதிமுறைப் பக்கத்தைப் படிச்சுப் பார்த்தேன், கண்ணுக்கு எதுவும் சிக்கல. எங்கே தேடணும்?

தளத்தின் அடியில் இருக்கும் `Terms and Conditions` பக்கத்தைத் திறந்து, பக்கத்துக்குள் தேடும் வசதியில் `inactive`, `dormant`, `administration fee` என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். சில தளங்கள் இதைக் கணக்கு மூடுவது பற்றிய பகுதியில் வைத்திருக்கும், சில பணம் எடுப்பது பற்றிய பகுதியில். பொதுவான விதிமுறையில் இல்லையென்றால், கேசினோவுக்கும் விளையாட்டுப் பந்தயத்துக்கும் தனித்தனியாக இருக்கும் விதிகளையும் பாருங்கள்.

கிடைத்ததும் மூன்று விஷயம் தெரிய வேண்டும். எத்தனை நாள் கழித்துக் கட்டணம் தொடங்கும், எவ்வளவு, தொடங்கும் முன் எப்படி அறிவிப்பார்கள். பல தளங்களில் 12 மாதம், மாதம் 5 பவுண்டு, 30 நாள் முன்னறிவிப்பு என்ற வடிவத்தைக் காணலாம்.

இந்த எண்களைவிட முக்கியமானது, 'பயன்படுத்துவது' என்றால் என்ன என்று அந்தத் தளம் சொல்லும் விளக்கம். ஒரு தளத்துக்கு லாகின் செய்தாலே போதும், கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடும். இன்னொரு தளத்துக்கு லாகின் கணக்கில்லை, சொந்தப் பணத்தில் ஒரு பந்தயம் கட்டியிருக்க வேண்டும். இன்னும் சில இடங்களில் பணம் போடுவதோ எடுப்பதோ கூடச் சேரும். 'நான் போன மாசம்கூட உள்ளே போய்ப் பார்த்தேனே, எப்படிக் கட்டணம் விழுந்தது' என்று திகைப்பவர்கள் எல்லாரும் இந்த இரண்டாவது வகைத் தளத்தில் இருப்பவர்கள்தான்.

சில விதிமுறைகளில் 'கணக்கில் செயல்பாடு இல்லாவிட்டால்' என்று மட்டும் எழுதிவிட்டு, எது செயல்பாடு என்று சொல்லவே மாட்டார்கள். அது உங்களுக்குச் சாதகம். ஒரு விதிக்கு இரண்டு பொருள் வருமானால், நுகர்வோருக்கு நல்லதாக இருக்கும் பொருளையே எடுக்க வேண்டும் என்று அதே 2015ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நீங்கள் லாகின் செய்ததும் செயல்பாடுதான் என்று வாதாடலாம்.

மாசம் அஞ்சு பவுண்டுதானே? பெரிய தொகை வச்சிருக்கிறவங்களுக்கு என்ன பாதிப்பு?

சிறிய இருப்புக்குத்தான் இது முதல் அடி. 20 பவுண்டு வைத்திருந்தவருக்கு நான்கே மாதத்தில் கணக்கு துடைக்கப்பட்டுவிடும். மறந்துபோகிற பணம் பெரும்பாலும் இப்படிப்பட்ட சிறு தொகைதான். 20 பவுண்டுக்காக யாரும் சண்டைக்குப் போவதில்லை. போகாமல் விட்ட அந்த இருபதுகள் எல்லாம் ஓரிடத்தில் சேர்கின்றன என்பதுதான் எனக்கு வருத்தம்.

பெரிய இருப்புக்கு வேறொரு வடிவம் காத்திருக்கிறது. '5 பவுண்டு அல்லது இருப்பில் 5 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அது' என்று சில விதிமுறைகள் எழுதும். இருப்பு 100 பவுண்டைத் தாண்டினால் சதவீதம்தான் வேலை செய்யும்.

400 பவுண்டு இருக்கிறது என்று வையுங்கள். முதல் மாதம் 20 பவுண்டு போகும், இரண்டாம் மாதம் 19. இப்படிக் குறைந்துகொண்டே வந்து ஏறக்குறைய 27 மாதத்தில் 100 பவுண்டுக்கு வந்து நிற்கும். அதன் பிறகு மாதம் 5 பவுண்டு. மொத்தத்தில் ஏறக்குறைய நான்கு ஆண்டில் எல்லாம் தீர்ந்துவிடும். மாதம் 5 பவுண்டு மட்டும் என்றிருந்தால் இதே 400 பவுண்டு 80 மாதம், அதாவது 6 ஆண்டு 8 மாதம் தாங்கியிருக்கும்.

ஒரு கணக்கில் 400 பவுண்டு இருந்தாலும் 40 பவுண்டு இருந்தாலும் அதை வைத்திருக்க ஆகும் செலவு ஒன்றுதானே? அப்புறம் சதவீதம் எதற்கு? புகார் எழுதும்போது இந்தக் கேள்வியை நேரடியாகக் கேளுங்கள். கட்டணம் உண்மையான நிர்வாகச் செலவை ஈடுகட்டவா, இல்லை இருப்பைக் கரைக்கவா என்பதற்கு நிறுவனம் பதில் சொல்லியாக வேண்டிய இடம் அதுதான்.

நான் சேர்ந்தப்போ 12 மாசம்னு இருந்துச்சு. நடுவுல விதிய மாத்திட்டாங்க போல. பழைய கணக்குக்கும் புது விதி பொருந்துமா?

தளங்கள் பொருந்தும் என்றே எடுத்துக்கொள்கின்றன. அதன் விளைவு எவ்வளவு பெரியது என்பது ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் புரியும். கீழே வரும் தேதிகளும் தொகைகளும் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை.

கடைசியாக லாகின் செய்தது 2023 செப்டம்பர் 3. இருப்பு 86 பவுண்டு 40 பென்ஸ். பழைய விதி: 12 மாதம் கழித்து மாதம் 5 பவுண்டு. அதன்படி முதல் கட்டணம் 2024 செப்டம்பர் 3 அன்று விழ வேண்டும். அந்த ஆண்டு டிசம்பர் 3 வரை நான்கு கட்டணம், 20 பவுண்டு போயிருக்கும். மீதி 66 பவுண்டு 40 பென்ஸ்.

இப்போது 2024 ஏப்ரல் 1 முதல் விதி மாறுகிறது: 180 நாள், மாதம் 10 பவுண்டு. அந்த 180 நாளைக் கடைசி லாகினிலிருந்து எண்ணினால் 2024 மார்ச் 1 அன்றே அது முடிந்துபோய்விட்டது. புது விதி பிறந்த நாளிலேயே உங்கள் கணக்கு 'செயலற்றது' ஆகிறது, ஏப்ரல் 1 அன்றே முதல் 10 பவுண்டு போகிறது. நவம்பர் வரை எட்டு மாதத்தில் 80 பவுண்டு. டிசம்பர் 1 அன்று மீதி இருந்த 6 பவுண்டு 40 பென்ஸையும் எடுத்துவிடுவார்கள். பழைய விதிப்படி 66 பவுண்டு 40 பென்ஸ் இருந்திருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம்.

இங்கே கட்டணம் இரட்டிப்பானதைவிட என்னை உறுத்துவது அந்தப் பின்னோக்கிய எண்ணிக்கைதான். விதி மாறும் முன்பே கழிந்துபோன நாட்களைப் புது விதியின் கணக்கில் சேர்க்கிறார்கள். அந்த நாட்களில் நீங்கள் எதையும் தவறவிடவில்லை. விதி மாறிய ஏப்ரல் 1 அன்றுகூடப் பழைய விதிப்படி உங்களுக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது. இது உங்கள் கணக்கிலும் நடந்திருந்தால் புகாரின் முதல் வரியாக இதையே எழுதுங்கள். சரியான காரணம் எதையும் ஒப்பந்தத்திலேயே சொல்லாமல், நிறுவனம் தன்னிச்சையாக விதியை மாற்றிக்கொள்ள இடம் தரும் விதிகளை, நியாயமற்றவையாக இருக்கக்கூடியவை என்று 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை பட்டியலிட்டிருக்கிறது. 'எப்போது வேண்டுமானாலும், எந்தக் காரணத்துக்கும் மாற்றலாம்' என்று உங்கள் தளம் எழுதியிருந்தால் அந்த வரியைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய விதி என்ன என்று காட்ட ஆதாரம் வேண்டுமே என்று கவலைப்படாதீர்கள். நீங்கள் சேர்ந்த தேதியில் நடப்பில் இருந்த பதிப்பையும், பிறகு மாறிய ஒவ்வொரு பதிப்பையும் தேதியோடு தரும்படி நிறுவனத்தையே கேளுங்கள். web.archive.org தளத்தில் அவர்களுடைய விதிமுறைப் பக்கத்தின் முகவரியைப் போட்டாலும் பல நேரங்களில் பழைய பதிப்பு கிடைக்கும்.

மின்னஞ்சல் அனுப்பினோம்னு சொல்றாங்க. எனக்கு வரவே இல்ல. அதோட, ஒரு தடவை உள்ளே போனப்போ 'ஏற்கிறேன்'னு ஒரு பெட்டிய அழுத்தின ஞாபகம் இருக்கு. என் கதை முடிஞ்சுதா?

முடியவில்லை. முதலில் மின்னஞ்சல். எந்தத் தேதியில், எந்த முகவரிக்கு அனுப்பினார்கள், அதில் கட்டணத்தைப் பற்றி என்ன வாசகம் இருந்தது என்று நகலைக் கேளுங்கள். 'எங்கள் விதிமுறைகளைப் புதுப்பித்திருக்கிறோம்' என்று ஒரு வரியும் ஒரு இணைப்பும் மட்டும் அனுப்பிவிட்டு, கட்டணம் இரட்டிப்பானதை அதில் சொல்லவே இல்லையென்றால், முக்கியமான மாற்றத்தை முன்கூட்டியே சொன்னதாக அதை எப்படி எடுத்துக்கொள்வது? என் 31 பவுண்டு விஷயத்தில் நடந்தது இதுதான். நான் எப்போதோ விட்டுவிட்ட அலுவலக முகவரிக்கு அனுப்பியிருந்தார்கள், அது திரும்பி வந்ததும் அவர்களுக்குத் தெரியும். கைபேசி எண் இருந்தும் ஒரு குறுஞ்செய்தி அனுப்பவில்லை. இதை எழுதிக் கேட்டதும் இரண்டாவது பதிலிலேயே பணத்தைத் திருப்பிப் போட்டார்கள்.

அப்புறம் அந்தப் பெட்டி. நீதிமன்றங்கள் இதில் இரண்டு பக்கமும் பார்த்திருக்கின்றன. தேசிய லாட்டரியை அப்போது நடத்திய கேமலாட் நிறுவனத்துக்கு எதிராக பார்க்கர் கிரென்னன் என்பவர் தொடுத்த வழக்கில், 2024ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. படிக்காமல் அழுத்தினாலும் பொதுவாக விதிமுறைகள் ஒப்பந்தத்தின் பகுதி ஆகிவிடும். அதை நீங்கள் ஏற்றுக்கொண்டே வாதாட வேண்டும்.

ஆனால் வழக்கத்துக்கு மாறான, சுமை மிகுந்த விதியென்றால் அதைத் தனியாகக் கண்ணில் காட்டியிருக்க வேண்டும். 2021ல் ஆண்ட்ரூ கிரீன் வழக்கில் உயர் நீதிமன்றம் இதைத்தான் பார்த்தது. அவர் பெட்ஃப்ரெட் தளத்தில் பிளாக்ஜாக் ஆடி 17 லட்சம் பவுண்டுக்கு மேல் வென்றிருந்தார். மென்பொருளில் கோளாறு, ஆகவே தர மாட்டோம் என்றது நிறுவனம். நிறுவனம் நம்பிய விதிகள் தெளிவில்லாமல், கண்ணில் படாமல் புதைந்து கிடந்தன, அவற்றை வைத்துப் பணத்தை மறுக்க முடியாது என்று தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. இரண்டு வழக்குமே கணக்குக் கட்டணம் பற்றியவை அல்ல. ஆனால் 'நீங்கள்தான் ஏற்றுக்கொண்டீர்களே' என்ற ஒற்றை வரியோடு ஒரு நிறுவனம் விவாதத்தை முடித்துவிட முடியாது என்பதை கிரீன் வழக்கு நன்றாகவே காட்டுகிறது.

மீதியை இப்பவே எடுக்கணும். ஆனா கார்டு காலாவதி, குறைந்தபட்சம் 20 பவுண்டு இருந்தாத்தான் எடுக்கலாம்னு வருது. என்ன பண்றது?

காலாவதியான கார்டு பெரிய தடை இல்லை. அதே வங்கிக் கணக்கு இன்னும் இருந்தால் பல நேரம் பணம் அங்கே போய்ச் சேர்ந்துவிடும். வங்கிக் கணக்கையே மூடியிருந்தால், வங்கியிடமிருந்து மூடியதற்கான கடிதமும், உங்கள் பெயரில் இருக்கும் புதுக் கணக்கின் அறிக்கையும் கேட்பார்கள். அவசரப்பட்டு பழைய எண்ணுக்கே அனுப்பச் சொல்லாதீர்கள். திரும்பி வந்தால் வாரக்கணக்கில் இழுக்கும்.

குறைந்தபட்சத் தொகைக்கு, கணக்கை மூடச் சொல்வதுதான் எளிய வழி. 'என் கணக்கை மூடி, மீதி முழுவதையும் திருப்பித் தாருங்கள்' என்று எழுதுங்கள். 20 பவுண்டு ஆக்குவதற்காக மேலும் பணம் போடும்படி யாராவது சொன்னால் செய்யாதீர்கள்.

அடையாளச் சான்று கேட்பது பற்றியும் ஒரு விதி உண்டு. 2019 மே மாதத்திலிருந்து, ஆட விடும் முன்பே பெயர், முகவரி, பிறந்த தேதியை இணையத் தளங்கள் சரிபார்த்திருக்க வேண்டும். முன்பே நியாயமாகக் கேட்டிருக்கக்கூடிய சான்றைப் பணம் எடுக்கும்போது புதிதாகக் கேட்டு நிறுத்தக் கூடாது. அதற்கு முன்பே திறந்த பழைய கணக்கு என்றால் ஒரு முறை சான்று கேட்பது சகஜம். கொடுத்துவிடுங்கள். ஆனால் சரிபார்ப்பு நடக்கும் நாட்களில் கட்டணத்தை நிறுத்தி வைக்கும்படி அதே கடிதத்தில் எழுதுங்கள்.

திரையில் தெரியும் இருப்பு முழுவதும் உங்கள் பணமா, அதில் போனஸ் கலந்திருக்கிறதா என்றும் பாருங்கள். போனஸ் காலாவதியாகிப் போவது வேறு, நீங்கள் போட்ட பணம் குறைவது வேறு. போனஸ் போனால் பொதுவாகக் கேட்டுப் பயனில்லை.

மாசம் ஒரு பவுண்டு பந்தயம் கட்டிட்டா கணக்கு உயிரோட இருக்குமே, அது போதாதா?

கடிகாரம் நிற்கும், உண்மைதான். ஆனால் 5 பவுண்டு கட்டணத்தைத் தவிர்க்க மாதம் 1 பவுண்டு பணயம் வைப்பது, அதே பணத்தை வேறு பெயரில் மெதுவாக இழப்பது. பலருக்கு அது ஒரு பவுண்டோடு நிற்பதும் இல்லை. 'உங்கள் கணக்கு விரைவில் செயலிழக்கும், உள்ளே வாருங்கள்' என்று வரும் மின்னஞ்சல், விட்டுவிட்ட ஒருவரை மறுபடி அதே மேசைக்குக் கூப்பிடுகிறது. நல்ல நிறுவனமாக இருந்தால் அதே மின்னஞ்சலில் 'பணத்தை எடுத்துக்கொள்ள இங்கே அழுத்துங்கள்' என்ற வழியும் இருக்கும். இல்லையென்றால் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதுங்கள். லாகின் செய்யாமலேயே அதைக் கேட்கலாம்.

சூதாட்டத்த விடணும்னு கேம்ஸ்டாப்ங்கிற சுயவிலக்குத் திட்டத்துல பதிஞ்சுட்டேன். உள்ளே போகவே முடியாது. அப்போ என் பணத்துல கட்டணம் ஓடிக்கிட்டே இருக்குமா?

ஓடக் கூடாது. தன்னைத்தானே விலக்கிக்கொண்டவரின் கணக்கை மூடி, அதில் இருக்கும் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது உரிமம் பெற்ற இணையத் தளங்களுக்கு ஆணையம் விதித்திருக்கும் கடமை. உள்ளே வர விடாமல் கதவைப் பூட்டிவிட்டு, உள்ளே வரவில்லை என்று கட்டணம் எடுப்பதை எந்த விதத்திலும் நியாயப்படுத்த முடியாது.

கேம்ஸ்டாப் உங்களுக்காகப் பணத்தை எடுத்துத் தராது. எந்தெந்தத் தளத்தில் இருப்பு இருந்ததோ ஒவ்வொன்றுக்கும் நீங்களே எழுத வேண்டும். நீங்கள் பதிவு செய்த தேதி, விலக்கின் காலம் (6 மாதம், 1 ஆண்டு, 5 ஆண்டு என்று நீங்கள் தேர்ந்தெடுத்தது), வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றைச் சொல்லி, அந்தத் தேதிக்குப் பிறகு எடுத்த கட்டணத்தைத் திருப்பிக் கேளுங்கள். விலக்கு முடியும்வரை காத்திருந்து உள்ளே போய் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். அதற்குள் இருப்பும் கரையலாம், உள்ளே போவதே உங்களுக்கு ஆபத்தாகவும் இருக்கலாம். எழுதுவதே பாரமாக இருந்தால் குடும்பத்தில் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் தேசிய சூதாட்ட உதவி எண் 0808 8020 133, அழைப்புக்குக் கட்டணம் இல்லை.

சரி, புகார் எழுதலாம்னு முடிவு பண்ணிட்டேன். யாருக்கு, எப்படி?

முதல் கடிதம் நிறுவனத்துக்குத்தான். அது வெறும் அரட்டைப் பெட்டி உரையாடலாக நின்றுவிடாமல், 'இது முறையான புகார்' என்ற சொல் அதில் இருக்கட்டும். அந்தத் தேதியிலிருந்துதான் எட்டு வாரக் கெடு ஓடும். எடுத்த ஒவ்வொரு கட்டணத்தையும் தேதியோடு கேளுங்கள், அனுப்பிய அறிவிப்பின் நகலைக் கேளுங்கள், நீங்கள் சேர்ந்தபோதிருந்த விதியைக் கேளுங்கள், எவ்வளவு திரும்ப வேண்டும் என்று ஒரே தொகையாகச் சொல்லுங்கள்.

கணக்கு ஏற்கனவே மூடப்பட்டு வரலாறே தெரியவில்லையென்றால், தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி உங்களைப் பற்றி வைத்திருக்கும் தகவல் எல்லாவற்றையும் தரும்படி கேட்கலாம். கட்டணம் கிடையாது, பொதுவாக ஒரு மாதத்தில் தர வேண்டும். பரிவர்த்தனைப் பட்டியலும், உங்களுக்கு அனுப்பியதாகச் சொல்லும் மின்னஞ்சல்களின் பதிவும் அதில் வரும். அனுப்பவே இல்லையென்றால் அதுவும் அங்கேதான் தெரியும்.

எட்டு வாரத்தில் தீரவில்லை, அல்லது இறுதிப் பதில் இதுதான் என்று சொல்லிவிட்டார்கள் என்றால், நிறுவனம் பெயர் குறிப்பிட்டிருக்கும் வெளி நடுவரிடம் போகலாம். 1998ல் தொடங்கிய ஐபாஸ் இவர்களில் பரவலாக அறியப்பட்ட ஒன்று. நுகர்வோருக்கு இது இலவசம். சூதாட்ட ஆணையத்துக்கும் எழுதுங்கள், ஆனால் அது தனி ஆளின் பணத்தை வாங்கித் தராது. பல புகார்கள் ஒரே விதியைப் பற்றி வந்தால் நிறுவனத்தின் மேல் நடவடிக்கை எடுக்க அவை உதவும்.

நடுவர் கைவிட்டாலும் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சிறு கோரிக்கை நீதிமன்றம் இருக்கிறது. ஒப்பந்த மீறலுக்கு ஆறு ஆண்டு காலக்கெடு. சூதாட்ட ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் நிலைநாட்ட முடியாது என்ற பழைய நிலையை 2005ஆம் ஆண்டு சூதாட்டச் சட்டம் மாற்றிவிட்டது.

வங்கியில மறந்துபோன பணம் எப்பக் கேட்டாலும் கிடைக்கும்னு சொல்றாங்களே, இங்கே அப்படி இல்லையா?

இல்லை. பிரிட்டனில் 15 ஆண்டு தொடப்படாத வங்கிப் பணம் 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு பொதுநிதிக்குப் போகலாம். அப்படிப் போனாலும் உரிமையாளர் எப்போது வந்து கேட்டாலும் திருப்பித் தர வேண்டும். 2022ல் இந்தத் திட்டம் காப்பீடு, ஓய்வூதியம் போன்றவற்றுக்கும் விரிந்தது. பந்தயக் கணக்குகள் அதில் சேரவில்லை. அதனால்தான் வங்கியில் மறந்த 86 பவுண்டு 86 பவுண்டாகவே இருக்க, இங்கே மறந்தது மாதா மாதம் கரைகிறது.

நான் சென்னையில இருக்கேன். வெளிநாட்டுத் தளம் ஒண்ணுல பணம் மாட்டியிருக்கு. இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

பெரும்பாலும் பொருந்தாது. பிரிட்டனில் இருப்பவர்களுக்குச் சேவை தரும்போதுதான் அந்த உரிமம் கைகொடுக்கும். இந்தியாவில் 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளையே தடை செய்கிறது. வெளிநாட்டுத் தளத்தின் மேல் புகார் சொல்ல உங்களுக்கு உள்ளூரில் நடுவர் இல்லை. இருப்பை எடுக்க முடிந்தால் எடுத்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். எடுப்பதற்கு முன் 'வரி', 'திறப்புக் கட்டணம்' என்று மேலும் பணம் கேட்டால் அது மோசடி. ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

அப்பா போன வருஷம் தவறிட்டார். அவர் மின்னஞ்சல்ல ஒரு பந்தயத் தளத்தோட கட்டண அறிவிப்பு இருந்துச்சு. நாங்க கேட்கலாமா?

கேட்கலாம், கேளுங்கள். அந்த இருப்பு அவருடைய மற்றச் சொத்துகளைப் போலவே வாரிசுகளுக்கு உரியது. அவருடைய கடவுச்சொல்லை வைத்து உள்ளே போகாதீர்கள். விதிமுறை மீறல் என்று சொல்லிக் கணக்கை முடக்க அதுவே காரணமாகிவிடும். இறப்புச் சான்றிதழின் நகலோடு, உயில் நிறைவேற்றுபவரோ சொத்தை நிர்வகிப்பவரோ எழுத வேண்டும். கடைசியாக அவர் கணக்கைப் பயன்படுத்திய தேதி, இறந்த நாளில் இருந்த இருப்பு, அதற்குப் பிறகு எடுத்த ஒவ்வொரு கட்டணம் என்று மூன்றையும் கேளுங்கள். இறந்த நாளுக்குப் பின் எடுத்ததைத் திருப்பிப் போடும்படி அதே கடிதத்தில் எழுதுங்கள். இறந்தவரால் லாகின் செய்ய முடியாது என்று தெரிந்த பிறகும் அந்தக் கட்டணத்துக்காக வாதாட ஒரு நிறுவனத்துக்குச் சொல்வதற்கு அதிகம் இருக்காது. அவருடைய மின்னஞ்சல் பெட்டியை உடனே மூடிவிடாமல் சில மாதம் வைத்திருங்கள். ஒருவரிடம் இரண்டு மூன்று தளங்களில் கணக்கு இருப்பது சாதாரணம், அடுத்த அறிவிப்பும் அங்கேதான் வரும்.